டப்பா செட்டுக்கு லிஸ்டிங் எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் எங்கள் குடும்பத்துப் பாத்திரக் கடைச் சரக்கை ஆன்லைனில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் லிஸ்டிங், அதாவது விற்பனைப் பக்கத்து விவரம், எழுதுகிற வேலை என்னுடையது. மளிகை டப்பா, ஃப்ரிட்ஜ் டப்பா, சாப்பாட்டு டப்பா என்று செட் செட்டாக விற்கிறோம். புதிதாக ஆன்லைனில் இறங்கும் கடைக்காரர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

அட்டைப்பெட்டியில் "ஃபுட் கிரேடு பிளாஸ்டிக்" என்றுதான் இருக்கிறது. பொருள் என்ற இடத்தில் அதையே போட்டுவிடலாமா?

வேண்டாம். அது என்ன பிளாஸ்டிக் என்பதைச் சொல்லவில்லை. சூடு தாங்குமா, குளிர் தாங்குமா என்று வாங்குகிறவர் கேட்பதற்கெல்லாம் பதில் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

டப்பாவைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். சின்ன முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிப்ரோப்பிலீன். நம் ஊரில் விற்கும் பால் நிற, லேசாக வளையும் டப்பாக்களில் பெரும்பாலானவை இதுதான். 1 என்றால் பெட் பிளாஸ்டிக். கண்ணாடி மாதிரி தெளிவாக, மிட்டாய்க் கடை ஜாடி போல இருக்கும். பார்க்க அழகாக இருந்தாலும் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இளகத் தொடங்கிவிடும், சூடான சாம்பாரை ஊற்றினால் சுருங்கிப்போகும். 4 என்பது மெத்தென்ற, வளைத்தால் வளைகிற பாலிஎத்திலீன். இதைப் பெரும்பாலும் மூடியில்தான் பார்ப்பீர்கள். 7 என்பது "மற்றவை". அதற்குள் பலவகைப் பிளாஸ்டிக் அடங்குவதால், 7 இருந்தால் எது என்று தயாரிப்பாளரிடம் கேட்டே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண் 1988இல் அமெரிக்காவில் பிளாஸ்டிக் கழிவைத் தரம் பிரிப்பதற்காகக் கொண்டுவரப்பட்டது. உணவுக்கு ஏற்றது என்ற சான்று அது அல்ல. வாளிக்கும் 5 இருக்கும், சாப்பாட்டு டப்பாவுக்கும் 5 இருக்கும். எண்ணைப் பார்த்துப் பொருளின் பெயரை எழுதுங்கள். உணவுக்கு ஏற்றது என்று எழுதுவதற்குத் தயாரிப்பாளரின் எழுத்து உங்கள் கையில் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பேக்கேஜிங் விதிகளின்படி, பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் இறங்கும் மொத்தப் பொருள் ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்தச் சோதனை அறிக்கையின் நகலைக் கேளுங்கள். தரமாகத் தயாரிக்கிறவரிடம் அது தயாராக இருக்கும்.

டப்பா அடியில் 5 இருக்கிறது. அப்படியானால் மூடியும் அதேதானே?

அப்படி எடுத்துக்கொள்ளவே கூடாது. வரும் புகார்களில் பெரும்பங்கு இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. டப்பா ஒரு பொருள், மூடி ஒரு பொருள், மூடிக்குள் இருக்கும் வளையம் இன்னொரு பொருள். மூன்றும் மூன்று இடத்திலிருந்து வந்திருக்கலாம், மூன்றும் சூட்டை மூன்று விதமாகத் தாங்கும்.

நான்கு பக்கமும் மடக்கிப் பூட்டும் மூடி என்றால் பெரும்பாலும் அதுவும் பாலிப்ரோப்பிலீன்தான். அந்தப் பூட்டின் மெல்லிய மடிப்பு ஆயிரக்கணக்கான முறை மடங்கியும் உடையாமல் இருப்பது இந்தப் பிளாஸ்டிக்கின் தனிக்குணம். அழுத்தி மூடும் மெத்து மூடி என்றால் அநேகமாக 4ஆம் எண். அது 110 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகும், அதற்கு முன்பே வளைந்துவிடும். கண்ணாடி டப்பாவுக்குப் பிளாஸ்டிக் மூடி வரும். மூங்கில் மூடி வந்தால் அதற்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும்.

அதனால் லிஸ்டிங்கில் மூன்று வரி எழுதுங்கள்: டப்பா இது, மூடி இது, வளையம் இது. வளையம் சிலிகான் என்று பில்லிலோ பெட்டியிலோ எழுத்தில் இருந்தால் மட்டும் சிலிகான் என்று போடுங்கள். தொட்டுப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தெரியாவிட்டால் "கழற்றிக் கழுவக்கூடிய மென்மையான வளையம்" என்பதே போதும். அப்புறம், வளையம் கழலுமா கழலாதா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். கழலாத வளையத்துக்கு அடியில் குழம்பு இறங்கி, பத்து நாளில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். வாங்கியவர் அதைத்தான் படம் எடுத்துப் போடுவார்.

"பிபிஏ இல்லாதது" என்று பெரிதாகப் போட்டால் நல்லதா?

பாலிப்ரோப்பிலீன் டப்பாவுக்கு அது உண்மைதான், ஆனால் உங்கள் டப்பாவுக்கு மட்டும் உள்ள சிறப்பு அல்ல. அந்தப் பிளாஸ்டிக்கைத் தயாரிக்கவே அந்த வேதிப்பொருள் தேவையில்லை. அது சேர்ந்திருப்பது பாலிகார்பனேட்டில், அதாவது கெட்டியான, கண்ணாடி போன்ற பழைய வகைத் தண்ணீர்க் கேன், பாட்டில்களில். கடைசி வரியாகச் சின்னதாகப் போட்டால் போதும். தலைப்பில் அந்த இடத்தை டப்பாவின் அளவுகளுக்குக் கொடுங்கள்.

"மைக்ரோவேவ் சேஃப்" என்று எப்போது எழுதலாம்?

தயாரிப்பாளர் டப்பாவிலோ பெட்டியிலோ அப்படி அச்சிட்டிருந்தால் மட்டும். டப்பா அடியில் அலை அலையாகக் கோடு போட்ட படம் இருக்கும். 5ஆம் எண் இருக்கிறது, அலைக்கோடு இல்லை என்றால் எழுதாதீர்கள். நிறமூட்டி, டப்பாவின் தடிமன், மேலே ஒட்டிய படம் எல்லாம் சேர்ந்துதான் அது முடிவாகும். எண்ணை மட்டும் வைத்து நாம் முடிவெடுக்க முடியாது.

தயாரிப்பாளர் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மூன்று எல்லைகளைச் சேர்த்து எழுத வேண்டும்.

முதலாவது, மூடி. மூடியை இறுக்கிப் பூட்டி உள்ளே வைத்தால் ஆவிக்குப் போக வழியில்லை. ஒன்று மூடி படாரென்று தெறிக்கும், இல்லாவிட்டால் ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி, மூடி கவ்விக்கொண்டு திறக்கவே வராது. "மூடியைக் கழற்றிவிட்டுச் சூடாக்கவும்" என்று எழுதுங்கள். மூடியில் சின்ன ஆவித் துவாரம் இருந்தால், மூடியும் மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் மட்டும், "துவாரத்தைத் திறந்துவைத்துச் சூடாக்கவும்".

இரண்டாவது, எண்ணெய். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. சாதத்தையும் ரசத்தையும் சூடாக்கும்போது பாலிப்ரோப்பிலீனுக்கு ஒன்றும் ஆகாததற்கு அதுதான் காரணம். எண்ணெய் மிதக்கும் கறிக்குழம்பும், சர்க்கரைப் பாகும் அதைத் தாண்டிச் சூடேறும். அப்போது எண்ணெய் நிற்கும் மட்டத்தில் டப்பாவின் உள்சுவர் சொரசொரப்பாகி, வெள்ளை வெள்ளையாகக் கொப்பளித்தது போலாகும். மிளகாய், மஞ்சள் நிறமும் அங்கேதான் போய் ஒட்டிக்கொள்ளும். "மிதமாகச் சூடாக்க மட்டும், சமைக்க அல்ல. எண்ணெய் அதிகமுள்ள குழம்பை வேறு பாத்திரத்தில் சூடாக்கவும்" என்று எழுதினால் அந்தப் படம் ரிவ்யூவில் வராது.

மூன்றாவதை யாருமே எழுதுவதில்லை, ஆனால் நம் வீடுகளில் இதுதான் ஆபத்து. இப்போது பல வீடுகளில் இருப்பது கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ். ஒரே பெட்டிதான், ஒரு பொத்தானில் மைக்ரோவேவ், இன்னொரு பொத்தானில் கேக் சுடும் அடுப்பு, மூன்றாவதில் கிரில். அடுப்பாக ஓடும்போது உள்ளே காற்றே 200 டிகிரிக்குப் போகும். பாலிப்ரோப்பிலீன் 160 டிகிரி வாக்கில் உருகிவிடும். கேக் சுட்ட சூடு ஆறுவதற்குள் டப்பாவை உள்ளே வைத்தாலும் அடி இளகும். "மைக்ரோவேவ் முறையில் மட்டும். கிரில், கன்வெக்‌ஷன் முறைகளில் கூடாது" என்ற வரியை நான் எல்லாப் பிளாஸ்டிக் டப்பாவுக்கும் போடுகிறேன்.

தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் மைக்ரோவேவில் வைத்துப் பார்த்தேன், டப்பா சுடவில்லை. அது போதாதா?

டப்பா தானாகச் சூடேறவில்லை என்பது மட்டும் அதில் தெரிகிறது. பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் என்ன இறங்குகிறது என்பது வீட்டுச் சோதனையில் தெரியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். எனவே தயாரிப்பாளர் சொன்னதைச் சரிபார்க்க இந்தச் சோதனையைச் செய்யுங்கள், புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொள்ளச் செய்யாதீர்கள். நான் பாதி டப்பா தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் வைத்து, ஆறியதும் மூடி முன்போல மூடுகிறதா என்று பார்ப்பேன். விளிம்பு கொஞ்சம் வளைந்திருந்தாலும் மூடி காட்டிக்கொடுத்துவிடும். பிளாஸ்டிக் வாடை வந்தால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஃப்ரீசருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் தனித்தனியாக எழுத வேண்டுமா?

ஆமாம். பேச்சில் இரண்டையும் நாம் ஃப்ரிட்ஜ் என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் டப்பாவுக்கு இரண்டும் வேறு உலகம். கீழ்த்தட்டு 4, 5 டிகிரியில் இருக்கும், எந்த டப்பாவும் தாங்கும். மேலே ஃப்ரீசர் உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி. பாலிப்ரோப்பிலீன் உறைநிலைப் பக்கம் போனாலே விறைக்கத் தொடங்கும். உள்ளே சும்மா இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. விறைத்த நிலையில் எடுத்து உடனே பூட்டை இழுத்தாலோ, கை தவறிக் கீழே விழுந்தாலோதான் உடையும். சில தயாரிப்பாளர்கள் குளிரில் உடையாத கலவையில் செய்கிறார்கள், சிலர் செய்வதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

இதைச் சோதிப்பது எளிது. முக்கால் டப்பா தண்ணீர் ஊற்றி, மூடிப் பூட்டி, ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் எடுத்த கையோடு நான்கு பூட்டையும் திறந்து மூடுங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் அந்தப் பூட்டு சீக்கிரமே உடையப்போகிறது என்று அர்த்தம். அப்படி வந்தால் "ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசருக்கு அல்ல" என்று எழுதிவிடுங்கள். கோடு விழவில்லை, தயாரிப்பாளரும் ஃப்ரீசருக்கு ஏற்றது என்று பனித்துளிப் படம் போட்டிருக்கிறார் என்றால் தாராளமாக எழுதலாம், இரண்டு குறிப்புகளுடன். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், அதனால் மேலே இரண்டு விரற்கடை இடம் விட வேண்டும். எடுத்ததும் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் திறக்க வேண்டும்.

காற்றுப் புகாதது, கசியாதது: இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. காற்றுப் புகாதது என்றால் உள்ளே வைத்த அப்பளம் நமுத்துப்போகக் கூடாது. கசியாதது என்றால் பையில் சாய்ந்து கிடந்தாலும் ரசம் வெளியே வரக் கூடாது. வளையம் இல்லாத, இறுக்கமான அழுத்து மூடி முதல் வேலையை ஓரளவு செய்யும், இரண்டாவதில் தோற்றுப்போகும். அதற்கு "இறுக்கமான மூடி, உலர் மளிகைக்கு" என்று எழுதினால் போதும். அது குறையே இல்லை, பருப்பு டப்பாவை யாரும் கவிழ்த்துத் தூக்கிப் போவதில்லை.

கசிவைப் பார்க்க, டப்பாவில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் மஞ்சள் தூள் கலக்கி, மூடி, செய்தித்தாள் மேல் அரை மணி நேரம் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். பிறகு நான்கு பக்கமும் சாய்த்து வையுங்கள். மஞ்சள் கறை எங்கே விழுகிறது என்று பார்த்தால் எந்த இடத்தில் கசிகிறது என்பது தெரிந்துவிடும். காற்றுக்கு, காலி டப்பாவைப் பூட்டி வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடியுங்கள். குமிழ் வந்தால் காற்றுப் போகிறது. மழைக்காலமாக இருந்தால் பொரித்த அப்பளம் இரண்டை உள்ளே போட்டு, இரண்டை வெளியே வைத்து, மூன்று நாள் கழித்து உடைத்துப் பாருங்கள்.

செட்டில் இருக்கும் எல்லா அளவையும் சோதிக்க வேண்டும். சின்ன டப்பா ஒன்றைச் சோதித்துவிட்டு முழுச் செட்டுக்கும் எழுதியதால் ஒருமுறை நான் வசமாக மாட்டிக்கொண்டேன். நீளமான டப்பாவில் பூட்டு நான்கு பக்கமும் நடுவில்தான் பிடிக்கிறது. பக்கம் நீள நீள, பூட்டுக்கும் மூலைக்கும் இடையில் மூடி லேசாக மேலே வளைந்துகொடுக்கும். கசிவு அங்கேதான். எனவே ஒரே செட்டில் சின்னது கசியாமல் பெரியது கசியும். வட்டமான திருகு மூடியில் இந்தத் தொல்லை குறைவு, சுற்றிலும் ஒரே அழுத்தம் விழுகிறது.

இட்லி மாவுக்கு ஏற்றது என்று போடலாமா? நிறையப் பேர் கேட்கிறார்கள்.

போடலாம், ஆனால் எப்படி வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். மாவு புளிக்கும்போது வாயு வரும். இறுக்கிப் பூட்டிய டப்பாவில் அதற்குப் போக்கிடம் இல்லை, திறக்கும்போது பொங்கி மேடையெல்லாம் வழியும். புளிக்கும்வரை மூடியைச் சும்மா மேலே வைத்திருக்க வேண்டும், பாதி டப்பாவுக்கு மேல் நிரப்பக் கூடாது. புளித்த பிறகு ஃப்ரிட்ஜில் வைக்கும்போது பூட்டலாம். அங்கேயும் மெதுவாகப் புளித்துக்கொண்டுதான் இருக்கும் என்பதால் முக்காலுக்கு மேல் போகக் கூடாது. 2 லிட்டர் டப்பா என்றால் "அரைத்த மாவு 1 லிட்டர் வரை" என்று எழுதுங்கள். அம்மாக்களுக்கு அந்த ஒரு வரி போதும், உடனே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

6 டப்பா, 6 மூடி. 12 பீஸ் செட் என்று போட்டால் தப்பா? எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள்.

பெட்டியில் அப்படி அச்சிட்டிருந்தால் அந்த எண்ணை மறைக்க முடியாது. ஆனால் தலைப்பில் முதலில் வர வேண்டியது "6 டப்பா + 6 மூடி". 12 என்று படித்து, 12 டப்பாவுக்கு அலமாரியில் இடம் ஒதுக்கிவைத்த ஒரு அக்கா எங்களுக்குப் போன் செய்து பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் கேட்டதில் தப்பே இல்லை. வீட்டில் யாரும் மூடியைத் தனியாக எண்ணுவதில்லை.

அதேபோல, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் செட்டா, எல்லாம் ஒரே அளவா என்பதும் முதல் இரண்டு வரிக்குள் வர வேண்டும். ஒரே அளவு டப்பா ஆறு வேண்டும் என்பவர் மளிகை அடுக்கப்போகிறார். அளவுக்கு ஒன்றாக வேண்டும் என்பவர் மீந்ததை ஃப்ரிட்ஜில் வைக்கப்போகிறார்.

1000 மி.லி. டப்பாவை "1 கிலோ டப்பா" என்று எழுதலாமா?

கூடாது. எங்கள் லிஸ்டிங்கில் நான் அதிகம் திருத்தியது இதைத்தான். மி.லி. என்பது தண்ணீர்க் கணக்கு. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. அரிசிக்கும் பருப்புக்கும் இடையில் காற்று இருக்கிறது. ஒரு லிட்டரில் அரிசியோ துவரம்பருப்போ சுமார் 800 கிராம்தான் நிற்கும். கோதுமை மாவு இன்னும் மோசம், தட்டி அமுக்காமல் போட்டால் 600 கிராம்கூட வராது. ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டை முழுதாகக் கொட்ட 1.3 லிட்டர் டப்பா வேண்டும். ஒரு கிலோ கோதுமை மாவுக்கு 1.8 லிட்டர். 1 கிலோ டப்பா என்று நம்பி வாங்கியவர் பாக்கெட்டில் மீந்த பருப்பை ரப்பர் பேண்ட் போட்டு வைக்க வேண்டி வரும். டப்பா வாங்கியதே அந்த ரப்பர் பேண்டை ஒழிக்கத்தானே.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்டியில் போட்டிருக்கும் மி.லி. பெரும்பாலும் விளிம்பு வரை ததும்ப நிரப்பிய கணக்கு. மூடி உள்ளே இறங்கி உட்காரும் டப்பாவில் அந்த மேல்பகுதி பயன்படாது. எனவே நீங்களே அளந்துவிடுங்கள். சமையல் தராசில் காலி டப்பாவை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். மூடி உட்காரும் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் உண்மையான மி.லி. பிறகு துடைத்துவிட்டு அரிசி, துவரம்பருப்பு, மாவு மூன்றையும் ஒருமுறை நிரப்பி எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு செட்டுக்கு அரை மணி நேரம் ஆகும்.

கண்ணாடி டப்பாவுக்கு எதைக் கவனிக்க வேண்டும்?

போரோசிலிகேட்டா, சாதாரணக் கண்ணாடியைச் சூடேற்றிக் கடினமாக்கியதா என்பதைத்தான். சூட்டில் விரிவது போரோசிலிகேட்டில் சாதாரணக் கண்ணாடியில் ஆவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதனால்தான் கேக் சுடும் ஓவனிலும் வைக்க முடிகிறது. கடினமாக்கியது கீழே விழுந்தால் எளிதில் உடையாது, ஆனால் சூட்டிலிருந்து குளிருக்குச் சட்டென்று மாற்றினால் சின்னச் சின்னத் துண்டாகச் சிதறும். எந்தக் கண்ணாடியாக இருந்தாலும் "ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேரே மைக்ரோவேவில் வைக்கக் கூடாது" என்று போடுங்கள். பெட்டியில் போரோசிலிகேட் என்று இல்லாவிட்டால் நீங்களாக அந்தச் சொல்லைச் சேர்க்காதீர்கள்.

மூடி பிளாஸ்டிக் என்றால் "ஓவனில் வைக்கலாம்" என்ற வரிக்குப் பக்கத்திலேயே "மூடி இல்லாமல்" என்பதும் இருக்க வேண்டும். அடுத்த பத்தியில் அல்ல, அதே வரியில்.

எவர்சில்வர் டப்பாவுக்கு?

மைக்ரோவேவ் கூடாது, ஃப்ரீசர் பரவாயில்லை. ஸ்டீலின் தரம் 304 என்று எழுத பில்லில் 304 என்றே இருக்க வேண்டும். காந்தம் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 202 தகட்டிலும் காந்தம் ஒட்டாது, 304 தகடும் அழுத்தி வளைத்த மூலையில் லேசாக ஒட்டும். மூடியில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சாளரம் இருந்தால் அதையும் பொருள் வரியில் சொல்லுங்கள்.

ஒரு செட்டை முழுதாக எழுதிக் காட்ட முடியுமா?

சரி, போன மாதம் ஏற்றிய ஒன்றையே காட்டுகிறேன். அட்டைப்பெட்டியில் இருந்தது இவ்வளவுதான்: 10 பீஸ், காற்றுப் புகாதது, கசியாதது, மைக்ரோவேவ் மற்றும் ஃப்ரீசருக்கு ஏற்றது, உடையாதது. அளவு 300, 600, 1000, 1500, 2200 மி.லி.

பிரித்துப் பார்த்தேன். 5 டப்பா, 5 மூடி. டப்பா அடியில் 5ஆம் எண்ணும் அலைக்கோடும் பனித்துளியும் இருந்தன. மூடியில் 5 மட்டும் இருந்தது, அலைக்கோடு இல்லை. வளையம் கழன்றது, சிலிகான் என்று பெட்டியில் இருந்தது. தராசில் அளந்தால் பயன்படும் அளவு 270, 540, 910, 1380, 2050 மி.லி. கவிழ்த்து வைத்ததில் முதல் நான்கும் ஒரு சொட்டு விடவில்லை. பெரியது ஐந்து நிமிடத்தில் மூலைப் பக்கம் மஞ்சள் கறை போட்டது. மூன்று செட் பிரித்துப் பார்த்தேன், மூன்றிலும் பெரியதுதான். ஃப்ரீசரில் பூட்டு வெளுக்கவில்லை. "உடையாதது" என்பதை எடுத்துவிட்டேன், எந்த டப்பாவுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. எழுதியது இது:

> 5 டப்பா + 5 மூடி, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் செட், 4 பக்கப் பூட்டு
>
> நிரப்பக்கூடிய அளவு: 270, 540, 910, 1380, 2050 மி.லி. (பெட்டியில் அச்சிட்ட விளிம்பளவு: 300, 600, 1000, 1500, 2200 மி.லி.)
>
> 1380 மி.லி. டப்பாவில் ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட் முழுதாகக் கொள்ளும்.
>
> டப்பா: பாலிப்ரோப்பிலீன். மூடி: பாலிப்ரோப்பிலீன். வளையம்: சிலிகான், கழற்றிக் கழுவலாம்.
>
> மைக்ரோவேவ்: டப்பா மட்டும், மூடி இல்லாமல், மிதமாகச் சூடாக்க. கிரில், கன்வெக்‌ஷன் முறைகளில் கூடாது. எண்ணெய் அதிகமுள்ள குழம்புக்கு வேண்டாம்.
>
> ஃப்ரீசர்: வைக்கலாம். மேலே இரண்டு விரற்கடை இடம் விடவும். எடுத்துப் பத்து நிமிடம் கழித்துத் திறக்கவும்.
>
> கசிவு: முதல் நான்கு அளவும் கவிழ்த்துச் சோதித்தபோது கசியவில்லை. 2050 மி.லி. டப்பா உலர் பொருளுக்கும் ஃப்ரிட்ஜில் நேராக வைப்பதற்கும் மட்டும்.

இதற்குக் கீழே ஒவ்வொரு டப்பாவின் நீளம், அகலம், மூடியோடு உயரம் மூன்றையும் செ.மீ.இல் கொடுத்தேன். மூடியோடு என்பது முக்கியம், ஃப்ரிட்ஜ் தட்டில் இடிப்பது மூடிதான். படத்தில் டப்பாவின் அடியையும், பெரிய டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண டம்ளரையும் வைத்து எடுத்தேன்.

பெரிய டப்பா கசியும் என்று நாமே எழுதினால் யார் வாங்குவார்கள்?

மளிகைக்கு வாங்குகிறவர்கள் வாங்குவார்கள், அவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அலுவலகத்துக்குக் குழம்பு கொண்டுபோக நினைத்தவர் வேறு செட்டைப் பார்ப்பார். அவரிடம் விற்றிருந்தால் டப்பா திரும்பி வந்திருக்கும், போக வர கூரியர் செலவும் நம் தலையில் விழுந்திருக்கும். குழம்பு கொட்டிய பையின் வருத்தம் அவருக்கு. 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளும், விவரமும் படமும் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்துப்போக வேண்டும் என்கின்றன.

சட்டப்படி கட்டாயம் வர வேண்டியவை எவை?

2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, எண்ணிக்கை, அதிகபட்சச் சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு ஆகியவை லிஸ்டிங்கில் தெரிய வேண்டும். அட்டைப்பெட்டியைப் பார்த்து அப்படியே எடுத்துப் போடுங்கள். பெட்டியில் இவை இல்லாத சரக்கை ஆன்லைனில் ஏற்றவே வேண்டாம்.

மூடியோ வளையமோ தனியாகக் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். அதையும் எழுதவா?

எழுதுங்கள். டப்பா பத்து வருடம் உழைக்கும், வளையம் அதற்கு முன்பே தளர்ந்துவிடும். கிடைக்கும் என்றால் எந்த அளவுக்கு எந்த வளையம் என்று குறிப்பிடுங்கள். கிடைக்காது என்றால் "மூடி, வளையம் தனியாக விற்பதில்லை" என்று ஒரு வரி. இரண்டு வருடம் கழித்து உடைந்த பூட்டோடு தேடி வருகிறவர் அந்த வரியை வாங்கும்போதே பார்த்திருப்பார்.